சட்டப்படி நடந்தால் போதுமா? 1975 ஆகஸ்ட்டை வைத்து ஒரு கேள்வி

மலர் டீச்சர் | சனி, காலை 9:10

வணக்கம். நான் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். நேற்று வகுப்பில் "சட்டத்தின் ஆட்சி" என்று கரும்பலகையில் எழுதினேன். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, "டீச்சர், ராஜாவே சட்டம் போட்டு, அந்தச் சட்டப்படி எல்லாரையும் பிடிச்சு உள்ள வெச்சா, அதுவும் சட்டத்தின் ஆட்சிதானே?" என்று கேட்டாள். அது சட்டத்தை வைத்துக்கொண்டு நடத்தும் ஆட்சி, இரண்டும் வேறு என்று சொன்னேன். உடனே, "ரெண்டும் வேறன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்றாள். அதற்குப் பதில் சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது.

திங்கட்கிழமை அவளுக்குப் பதில் சொல்ல வேண்டும். பெரிய விளக்கம் வேண்டாம். ஒரு சட்டத்தைக் கையில் கொடுத்தால் பதினான்கு வயதுப் பெண் தானே சோதித்துப் பார்க்கும்படி இரண்டு மூன்று கேள்விகள் போதும். உண்மையில் நடந்த ஒரு சம்பவத்தோடு சொன்னால் இன்னும் நல்லது.

நேர்வழி | சனி, காலை 9:42

இதில் குழப்பமே இல்லை டீச்சர். மூன்று விஷயம் பார்த்தால் போதும். சட்டம் முறைப்படி நிறைவேறியதா, எழுத்தில் வெளியானதா, பொதுவாக எல்லோருக்கும் எழுதப்பட்டதா. மூன்றுக்கும் 'ஆம்' என்றால் அது சட்டத்தின் ஆட்சி. தனி ஆள் பெயரைப் போட்டுச் சட்டம் எழுதினால் அது இல்லை. மற்றபடி நமக்குப் பிடிக்காத சட்டத்தையெல்லாம் கொடுங்கோல் என்று சொல்லிக்கொண்டிருந்தால் நாடாளுமன்றம் எதற்கு?

இலக்கணப்பித்தன் | சனி, காலை 10:15

தமிழிலேயே விடை இருக்கிறது அம்மா. "சட்டத்தால் ஆள்கிறார்" என்று எழுதுங்கள். ஆள்பவர் ஒருவர், சட்டம் அவர் கையில் இருக்கும் கருவி. கோடாலியால் வெட்டினான் என்பது போல. இப்போது "சட்டத்தால் ஆளப்படுகிறோம்" என்று எழுதுங்கள். அதே மூன்றாம் வேற்றுமைதான், அதே 'ஆல்' உருபுதான், ஆனால் இங்கே சட்டம் கருவி இல்லை, கருத்தா. ஆளும் வேலையைச் சட்டமே செய்கிறது. ஒரே உருபு இரண்டு பொருளுக்கும் வருவதால்தான் ஊரில் பலரும் ஏமாந்து போகிறார்கள்.

இன்னொன்று. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் மனுநீதிச் சோழன் சிலை இருக்கிறதே, அதைச் சொல்லுங்கள். கன்றைக் கொன்றவன் தன் மகனே ஆனாலும் தேர்க்காலில் இட்ட மன்னன். சட்டம் அரசனையும் கட்டும் என்பதற்கு அதைவிட என்ன வேண்டும்?

காவிரிக்கரை | சனி, காலை 11:30

நான் முப்பத்தெட்டு வருடம் கறுப்புக் கோட்டுப் போட்டவன். தேர்தல் வழக்குகள் நிறையப் பார்த்திருக்கிறேன்.

வேற்றுமை விளக்கம் அருமை ஐயா, அதை டீச்சர் கட்டாயம் சொல்லட்டும். ஆனால் மனுநீதிச் சோழன் கதையில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. அவன் மகனைத் தண்டித்தது அவனுடைய மனசாட்சி. அவன் மாட்டேன் என்றிருந்தால் அந்தப் பசு எந்த வாசலில் போய் மணி அடித்திருக்கும்? நல்ல அரசனின் நாட்டில் வாழ்வது வேறு, அரசன் நல்லவனாக இல்லாவிட்டாலும் தப்பிக்கிற நாட்டில் வாழ்வது வேறு.

நேர்வழி சொன்ன மூன்றும் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மூன்றிலும் நூற்றுக்கு நூறு வாங்கிய ஒரு சட்டம் நம் நாட்டிலேயே வந்தது. 1975 ஆகஸ்ட் மாதம். அதைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன்.

1971 தேர்தலில் ரே பரேலியில் இந்திரா காந்தி ராஜ் நாராயணனைத் தோற்கடித்தார். வித்தியாசம் ஒரு லட்சம் வாக்குக்கும் மேல். தோற்றவர் அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு போட்டார். 1975 ஜூன் 12 அன்று நீதிபதி ஜக்மோகன்லால் சின்ஹா தேர்தல் செல்லாது என்றார். ஆறு ஆண்டுகளுக்குப் போட்டியிடவும் தடை.

காரணங்கள் இரண்டு. அரசு ஊழியர்களின் உதவியைத் தேர்தலுக்குப் பெறக் கூடாது என்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். யஷ்பால் கபூர் பிரதமரின் செயலகத்தில் இருந்த அதிகாரி. 1971 ஜனவரி 13 அன்று ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். அதை 14ஆம் தேதியிலிருந்து ஏற்றுக்கொண்டதாக அரசாணை வெளியானது 25ஆம் தேதி. அந்த 25 வரைக்கும் அவர் அரசு ஊழியர்தான், அதற்கு முன்பே தேர்தல் வேலை பார்த்திருக்கிறார் என்றார் நீதிபதி. இரண்டாவது காரணம், கூட்டங்களுக்கு மாநில அதிகாரிகளே மேடை போட்டு, ஒலிபெருக்கிக்கு மின்சாரமும் ஏற்பாடு செய்தது.

"மேடை போட்டதற்கா ஒரு பிரதமரின் பதவி?" என்று அன்றைக்கும் கேட்டார்கள். கேட்பது நியாயம்தான். ஆனால் அதுதான் அன்றைய சட்டம், எல்லா வேட்பாளருக்கும் அதுவே. அவர் உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு போனார். அது அவர் உரிமை. ஜூன் 24 அன்று நீதிபதி கிருஷ்ணய்யர் நிபந்தனையோடு தடை கொடுத்தார். பிரதமராகத் தொடரலாம், உறுப்பினராக மக்களவையில் ஓட்டுப் போட முடியாது. அதுவரை எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. மறுநாள் இரவு நெருக்கடி நிலை வந்தது.

சாப்பிட்டு வந்து மீதியை எழுதுகிறேன்.

தள்ளுவண்டி | சனி, மதியம் 12:20

ஐயா, நடுவில் பேசுவதற்கு மன்னிக்கவும். பிரதமர் கதையெல்லாம் பெரிய இடம். என் கதையைக் கேளுங்கள். பேருந்து நிலையம் பக்கம் பதினோரு வண்டி வரிசையாக நிற்கிறது. என்னுடையது இட்லி வண்டி. போன மாதம் சாக்கடை அடைப்பு பற்றி மேலே மனு கொடுத்தேன். பத்து நாளில் என் வண்டியை மட்டும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். இட்லிக் குண்டான், இரண்டு அடுப்பு, ஒரு சிலிண்டர் எல்லாம் அதில்தான். கேட்டால் "ஆக்கிரமிப்பு, சட்டப்படி எடுத்தோம்" என்கிறார்கள். அப்படியென்றால் மற்ற பத்து வண்டியும் சட்டப்படி நிற்கிறதா? போலீஸ்காரர் மாமூல் வாங்குவதும் இதில் வருமா? அதைப் பற்றித்தானே பேசுகிறீர்கள்?

நேர்வழி | சனி, மதியம் 12:48

அண்ணா, மாமூல் என்பது சட்டத்தை மீறுவது. டீச்சர் கேட்பது வேறு, சட்டத்தை மீறாமலே நடக்கிற அநியாயம். உங்கள் விஷயத்துக்குத் தனி இழை தொடங்கினால் நல்லது.

காவிரிக்கரை | சனி, மதியம் 2:05

தம்பி, அவர் இங்கேயே இருக்கட்டும். அவருடைய பத்து வண்டிக் கேள்வி இந்த இழைக்குத் தேவைப்படும், வருகிறேன்.

இப்போது ஆகஸ்ட். உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு விசாரணைக்கு வரவேண்டிய நாள் ஆகஸ்ட் 11, திங்கட்கிழமை. அதற்கு முந்தைய ஐந்து நாட்களை மட்டும் பாருங்கள்.

ஆகஸ்ட் 6, புதன். தேர்தல் சட்டத் திருத்தம் அமலுக்கு வருகிறது. 'வேட்பாளர்' என்றால் யார், அரசு ஊழியரின் ராஜினாமா எந்தத் தேதியில் செல்லும், அதிகாரிகள் கடமையாகச் செய்யும் ஏற்பாடு உதவியாகுமா என்று எல்லாவற்றுக்கும் புது அர்த்தம். ராஜினாமாவுக்கு அரசாணையில் என்ன தேதி போட்டிருக்கிறதோ அதுதான் தேதி என்றாகிவிட்டது. மேடை, மின்சாரம் எல்லாம் கடமை என்றாகிவிட்டது. முக்கியமான வரி கடைசியில் இருக்கிறது: முன்பு நடந்த தேர்தல்களுக்கும், நிலுவையில் இருக்கும் மேல்முறையீடுகளுக்கும் இது பொருந்தும்.

ஆகஸ்ட் 7, வியாழன். அரசியலமைப்பின் 39ஆவது திருத்தம் மக்களவையில் நிறைவேறுகிறது. வெள்ளி, மாநிலங்களவை. சனி, மாநிலச் சட்டமன்றங்கள் கூடி ஒப்புதல் தருகின்றன. ஞாயிற்றுக்கிழமை குடியரசுத் தலைவர் கையெழுத்து. அதில் 329அ என்று ஒரு புதுப் பிரிவு. அதன் நான்காவது உட்பிரிவைச் சுருக்கமாகச் சொன்னால் இப்படி வரும்: பிரதமராகவோ மக்களவைத் தலைவராகவோ இருப்பவரின் முந்தைய தேர்தலுக்குத் தேர்தல் மனுச் சட்டங்கள் எதுவும் எப்போதுமே பொருந்தியதில்லை என்று கருதப்படும். எந்த நீதிமன்றம் செல்லாது என்று சொல்லியிருந்தாலும் அந்தத் தேர்தல் செல்லும். அந்தத் தீர்ப்புத்தான் செல்லாது.

நேர்வழி, உங்கள் மூன்று கேள்வியையும் போட்டுப் பாருங்கள். முறைப்படி நிறைவேறியதா? அரசியலமைப்பு கேட்கும் ஒவ்வொரு படியும் ஏறியிருக்கிறார்கள். எழுத்தில் வெளியானதா? ஆம். தனி ஆளின் பெயர் உண்டா? எங்கும் இல்லை.

நேர்வழி | சனி, மதியம் 2:40

எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில் இருக்கும்போது நிறைவேறியதை 'முறைப்படி' என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதனால் என் முதல் கேள்வியிலேயே அது தோற்றுவிடுகிறது.

காவிரிக்கரை | சனி, மதியம் 3:10

நல்ல பதில். ஆனால் ஒன்று கேட்கிறேன். அவர்கள் எல்லோரும் வெளியில் இருந்து, அவையில் உட்கார்ந்து எதிர்த்து ஓட்டுப் போட்டு, அப்போதும் மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையில் இதே திருத்தம் நிறைவேறியிருந்தால் அப்போது சரியாகிவிடுமா?

நேர்வழி | சனி, மதியம் 3:18

ஆகாது. சரி, புரிகிறது. பெயர் இல்லாவிட்டாலும் அது ஒருவருக்காகத் தைத்த சட்டைதான்.

மலர் டீச்சர் | சனி, மாலை 4:00

அப்படியானால் பிள்ளைகளிடம் இதை ஒரு விளையாட்டாகவே செய்யலாம் போலிருக்கிறதே. சட்டத்தைப் படி. இன்றைக்கு நாட்டில் இது யார் யாருக்கெல்லாம் பொருந்தும் என்று விரல் விட்டு எண்ணு. ஒரு விரலோடு நின்றுவிட்டால் சந்தேகப்படு. சரியா சார்?

காவிரிக்கரை | சனி, மாலை 4:35

சரி டீச்சர். 329அவின் நான்காவது உட்பிரிவு அந்த விரல் சோதனையில் அப்பட்டமாக மாட்டிக்கொள்கிறது. நீதிமன்றத் தீர்ப்பால் தேர்தலை இழந்து நின்ற பிரதமர் அன்றைக்கு ஒருவர்தான்.

ஆனால் விரலோடு நிறுத்த வேண்டாம். புதன்கிழமை வந்த தேர்தல் சட்டத் திருத்தத்தை அதே மாதிரி எண்ணிப் பாருங்கள். 'வேட்பாளர்' என்பதன் புது அர்த்தம் நாட்டின் எல்லா வேட்பாளருக்கும் பொருந்தும். ராஜினாமாத் தேதி விதி எல்லா அரசு ஊழியருக்கும் பொருந்தும். கை விரல் போதாது. ஆனால் அலகாபாத் தீர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் முடிச்சுக்கு முடிச்சு அவிழ்த்திருப்பது தெரியும். நீதிபதி எங்கே கை வைத்தாரோ அங்கேதான் திருத்தமும் கை வைத்திருக்கிறது.

அதனால் இன்னொரு கேள்வி வேண்டும், அது தேதி. செயல் 1971 ஜனவரி, விதி 1975 ஆகஸ்ட். இரண்டு தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். அதோடு, அந்த விதியை மாற்றியவருக்கு அன்றைக்கு அதே விஷயத்தில் வழக்கு இருந்ததா என்றும் கேட்கச் சொல்லுங்கள். வழக்காடுகிறவரே எடைக்கல்லைச் செதுக்கினால், அந்தக் கல் எல்லோருக்கும் ஒரே எடைதான் என்பதில் என்ன ஆறுதல்?

நான் ஜூனியராக இருந்தபோது என் சீனியர் அலகாபாத் தீர்ப்பையும் இந்தத் திருத்தத்தையும் மேஜையில் அடுத்தடுத்து வைத்து, பென்சிலால் கோடு போட்டுக் காட்டினார். ஒரு பக்கம் தீர்ப்பின் பத்தி, மறுபக்கம் திருத்தத்தின் பிரிவு. கோடுகள் எல்லாம் நேராக இருந்தன. அந்தத் தாள் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

தென்றல் | சனி, இரவு 7:25

முடிவில் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது? எனக்குத் தெரிந்து அவர் ஜெயித்துவிட்டார். அப்படியென்றால் நீதிமன்றமும் தோற்றுப்போனதுதானே? நீதிமன்றம் காப்பாற்றும் என்று பிள்ளைகளிடம் சொல்வதில் அர்த்தமே இல்லை.

காவிரிக்கரை | சனி, இரவு 8:50

அது பாதி உண்மை அம்மா. தீர்ப்பு 1975 நவம்பர் 7, ஐந்து நீதிபதிகள். அந்த நான்காவது உட்பிரிவு செல்லாது என்றார்கள். நெருக்கடி நிலை அமலில், பத்திரிகைகளுக்குத் தணிக்கை, அதிகாரத்தில் இருக்கும் பிரதமரே மேல்முறையீட்டுக்காரர். அந்தச் சூழ்நிலையில் அப்படிச் சொன்னார்கள்.

காரணத்தை நீதிபதிகள் வேறு வேறு விதமாகச் சொன்னார்கள். எனக்கு மிகவும் பிடித்த இழை ஒன்று உண்டு. ஒரு தேர்தல் செல்லுமா செல்லாதா என்பது ஒரு தகராறு. தகராறைத் தீர்க்க வேண்டுமென்றால் ஏதாவது ஒரு விதியை எடுத்து, நடந்த உண்மைகளோடு பொருத்திப் பார்க்க வேண்டும். இங்கே பழைய விதியெல்லாம் பொருந்தாது என்று தூக்கிவிட்டார்கள், புது விதியும் தரவில்லை. பிறகு 'செல்லும்' என்று முடிவை மட்டும் எழுதினார்கள். எந்தச் சட்டத்தை வைத்து அந்த முடிவுக்கு வந்தார்கள்? எதையும் வைத்து இல்லை. அரசியலமைப்பின் தாளில், சட்டத்தின் எழுத்துநடையில், சட்டமே இல்லாத ஒரு தீர்ப்பு. டீச்சர், அந்தப் பெண்ணிடம் சொல்ல இது நல்ல இடம். சட்டம் என்றால் 'இப்படிச் செய்தால் இப்படி' என்று இருக்கும். 'இன்னார் ஜெயித்தார்' என்று மட்டும் இருந்தால் அது உத்தரவு.

ஆனால் தேர்தல் சட்டத் திருத்தத்தை ஏற்றுக்கொண்டார்கள். முன்தேதியிட்டுச் சட்டம் போட நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு, அது எல்லோருக்கும் பொதுவானது என்பது நிலை. அந்தப் புது அர்த்தங்களின்படி பார்த்தால் குற்றம் இல்லை. எனவே தேர்தல் செல்லும். தென்றல் அம்மா சொன்னபடி அவர் ஜெயித்தார்.

அப்புறம் நடந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1977இல் அதே ரே பரேலியில் ராஜ் நாராயணன் அவரைத் தோற்கடித்தார். அந்த வழக்கில் ராஜ் நாராயணனுக்காக வாதாடிய சாந்தி பூஷண் புதிய ஆட்சியில் சட்ட அமைச்சரானார். 1978இல் வந்த 44ஆவது திருத்தம் 329அவை முழுதாக நீக்கியது.

தென்றல் | சனி, இரவு 9:15

அப்போதும் எனக்கு மனசு ஆறவில்லை சார். பெயர் மறைத்துத் தைத்த சட்டையைக் கிழித்துவிட்டு, பொதுச் சட்டை என்று சொல்லித் தைத்ததை விட்டுவிட்டார்கள். இனி வருகிறவர்கள் இரண்டாவது மாதிரியாகவே தைப்பார்கள் இல்லையா?

இலக்கணப்பித்தன் | சனி, இரவு 9:40

முன்தேதிச் சட்டம் எல்லாமே தவறு என்று சொல்லிவிடலாமே. வேலை முடிந்தது.

நேர்வழி | ஞாயிறு, காலை 7:55

அப்படிச் சொல்ல முடியாது ஐயா. குற்றம் என்று வந்தால் தடை இருக்கிறது. செய்தபோது குற்றமாக இல்லாததற்குப் பின்னால் வரும் சட்டத்தை வைத்துத் தண்டிக்க முடியாது, அது அரசியலமைப்பின் 20ஆவது பிரிவு. மற்ற விஷயங்களில் அந்தத் தடை கிடையாது, அதற்குக் காரணமும் உண்டு. அரசு செய்த நடைமுறைப் பிழையால் நூற்றுக்கணக்கானவர்களின் வேலை நியமனம் செல்லாமல் போகிறது என்று வையுங்கள். அவர்கள் மேல் தப்பே இல்லை. முன்தேதியிட்டு ஒரு சட்டம் போட்டு அவர்களைக் காப்பாற்றினால் அதையும் கொடுங்கோல் என்பீர்களா?

காவிரிக்கரை | ஞாயிறு, காலை 9:20

நேர்வழி சொல்வது சரி. அதனால்தான் தேதியை மட்டும் தனியாகப் பார்க்காமல், யாருடைய வழக்கு என்பதையும் சேர்த்துக் கேட்கச் சொன்னேன். அவர் சொன்ன உதாரணத்தில் சட்டம் போட்டவர் அதனால் தப்பிக்கவில்லை, மற்றவர்கள் தப்பிக்கிறார்கள். ரே பரேலியில் சட்டம் போட்டவரே தப்பித்தார். ஆனால் தென்றல் கேட்ட கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. நாடாளுமன்றத்தின் உள்நோக்கத்தை நீதிமன்றம் தோண்டக் கூடாது என்று ஒரு பழைய பழக்கம் இருக்கிறது. அதற்கும் நல்ல காரணங்கள் உண்டு. நவம்பர் 7 தீர்ப்பின் இரண்டாம் பாதி சரியென்று என்னால் இன்றும் சொல்ல முடியவில்லை. என் நண்பர்களில் பாதிப்பேர் சரி என்பார்கள்.

இப்போது தள்ளுவண்டித் தம்பிக்கு வருகிறேன். உங்கள் விஷயத்தில் சட்டம் பொதுவாகத்தான் இருக்கிறது, தேதியும் பழசுதான், யாரும் யாருக்காகவும் தைக்கவில்லை. இருந்தும் பதினொன்றில் ஒன்றை மட்டும் தூக்கியிருக்கிறார்கள். மற்ற கேள்விகள் எல்லாவற்றிலும் தப்பித்து இங்கேதான் மாட்டும். பத்து வண்டியை விட்டதற்குக் காரணம் சொல்ல முடியாத ஆள், பதினோராவதை எடுத்ததற்குச் 'சட்டம்' என்று காரணம் சொன்னால், சட்டம் அவர் கையில் கோடாலி.

ஒன்று கேட்கிறேன். 2014இல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டத்தில் ஒரு நல்ல குணம் உண்டு. அது உங்களை மட்டும் கட்டவில்லை, எடுக்க வருகிறவரையும் கட்டுகிறது. அகற்றுவதற்கு முன் முப்பது நாள் அறிவிப்பு வேண்டும். பொருளை எடுத்தால் கையெழுத்துப் போட்ட பட்டியல் தர வேண்டும். கெட்டுப்போகாத பொருளென்றால், கட்டணம் கட்டிக் கேட்டால் இரண்டு வேலைநாளில் திருப்பித் தர வேண்டும். உங்களுக்கு அறிவிப்பு வந்ததா? பட்டியல் கொடுத்தார்களா?

தள்ளுவண்டி | ஞாயிறு, காலை 10:05

எதுவும் இல்லை ஐயா. காலை ஐந்தரைக்கு வந்தார்கள், ஏற்றினார்கள், போனார்கள். பட்டியல் என்று ஒன்று இருப்பதே இப்போதுதான் தெரிகிறது.

காவிரிக்கரை | ஞாயிறு, காலை 10:20

பட்டியல் கேட்டு எழுத்தில் ஒரு கடிதம் கொடுங்கள். ஒரு நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். மற்ற பத்து வண்டியையும் எடுக்கச் சொல்லி எழுதிவிடாதீர்கள், அது உங்கள் சண்டை இல்லை. உங்கள் ஊரின் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கிடைப்பார்.

மலர் டீச்சர் | திங்கள், மாலை 5:45

வகுப்பு முடிந்தது. மூன்று கேள்வியாகவே கொடுத்தேன். இது எத்தனை பேருக்குப் பொருந்தும் என்று விரல் விட்டு எண்ணு. செயலின் தேதியையும் விதியின் தேதியையும் எழுது, மாற்றியவருக்கு அதில் வழக்கு உண்டா பார். இந்தச் சட்டம் அதிகாரியிடமும் ஏதாவது கேட்கிறதா, கேட்டதை அவர் செய்யாவிட்டால் நீ எந்த வாசலில் போய் நிற்பாய்?

புதன் முதல் திங்கள் வரை கட்டம் போட்டு நிரப்பினார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கையெழுத்தைப் பார்த்ததும் பின்வரிசைப் பையன் ஒருவன், "லீவு நாள்ல கூட வேலை பார்த்திருக்காங்க டீச்சர்" என்றான். கேள்வி கேட்ட பெண் சும்மா விடவில்லை. "நம்ம ஸ்கூல் விதி நம்மளை மட்டும்தானே கட்டுது, லேட்டா வர்ற சாருக்கு எதுவும் இல்லையே?" என்றாள். விதிப் பலகையை மறுபடி படித்துப் பார்த்தேன். பன்னிரண்டு வரி, எல்லாமே மாணவர்களுக்குத்தான். தலைமை ஆசிரியரிடம் அதைப் பற்றிப் பேச நேரம் கேட்டிருக்கிறேன்.

தள்ளுவண்டி | செவ்வாய், இரவு 8:30

ஐயா, இன்று கடிதம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டவர் இரண்டு முறை படித்தார். "பட்டியலா? யார் சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டார். முத்திரை போட மாட்டேன் என்று சொல்லி, பிறகு போட்டுக் கொடுத்தார். நகல் என் சட்டைப் பையில் இருக்கிறது. வண்டி இன்னும் வரவில்லை. வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.